ஆய்வுச் சுருக்கத்தில் முடிவு எங்கே?

கட்டுரை எழுதி முடித்தாயிற்று. அட்டவணைகளைச் சரிபார்த்தாயிற்று, மேற்கோள் பட்டியலும் ஒழுங்காகிவிட்டது. இதழுக்கு அனுப்புவதற்கு இன்னும் ஒரு பத்திதான் பாக்கி. முதல் பக்கத்தில், தலைப்புக்குக் கீழே வரவேண்டிய ஆய்வுச் சுருக்கம். இருநூறு சொல்லுக்குள் இருக்கவேண்டும் என்பது இதழின் விதி. நம்மில் பெரும்பாலோர் இந்த இடத்தில் எழுதுவதே இல்லை. ஏற்கெனவே எழுதிவைத்த ஒன்றைத் தேடி எடுத்து ஒட்டிவிடுகிறோம்.

சமூக அறிவியல் துறையில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் கல்லூரிக் கருத்தரங்குகளுக்கு வரும் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். உழைப்பில் குறையில்லாத கட்டுரைகள் நிறைய வருகின்றன. வெயிலில் அலைந்து வீடுவீடாகப் போய்க் கேட்டு எழுதிய தரவு பின்பக்கங்களில் இருக்கும். ஆனால் முதல் பக்கத்துச் சுருக்கத்தைப் படித்தால், அந்த மாணவர் என்ன கண்டார் என்பது ஒரு வரியில்கூட இருக்காது. எதை ஆராயப் போகிறார் என்பது மட்டுமே இருக்கும்.

இது சோம்பலால் வருவதல்ல, நாம் நடத்தும் முறையால் வருவது. கருத்தரங்கு ஆடியில் என்றால் சுருக்கத்தைச் சித்திரையிலேயே கேட்கிறோம். அப்போது களப்பணி பாதிகூட முடிந்திருக்காது. முடிவு தெரியாதவர் முடிவை எப்படி எழுதுவார்? ‘ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்’ என்று எழுதுகிறார். அந்த நேரத்தில் அது நேர்மையான வாக்கியம். பிறகு தரவு வருகிறது, கணக்கு முடிகிறது, எதிர்பாராத ஒன்று கிடைக்கிறது, கட்டுரை இருபது பக்கத்துக்கு வளர்கிறது. முதல் பக்கத்தில் மட்டும் சித்திரை மாதத்துப் பத்தி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வாக்குறுதியாக எழுதப்பட்ட ஒன்று, வாக்கு நிறைவேறிய பிறகும் வாக்குறுதியாகவே அச்சாகிவிடுகிறது.

முடிந்த கட்டுரைக்குச் சுருக்கம் எழுதுவது வேறு வேலை. அதை ஓர் உண்மையான கட்டுரையை வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

2004ஆம் ஆண்டு ‘எகனோமெட்ரிக்கா’ இதழில் ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டுஃப்லோ ஆகிய இருவரும் எழுதிய கட்டுரை வெளியானது. டுஃப்லோ பின்னாளில், 2019இல், பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 1992இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய 73ஆவது அரசமைப்புத் திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்க வழிசெய்தது. ஒரு பெண் தலைவரானால் ஊராட்சி செய்யும் வேலைகள் மாறுகின்றனவா என்பதுதான் அந்தக் கட்டுரையின் கேள்வி. மேற்கு வங்கத்தில் பீர்பூம், ராஜஸ்தானில் உதய்ப்பூர் என இரண்டு மாவட்டங்களில் 265 ஊராட்சிகளில் தகவல் திரட்டினார்கள். எந்த ஊராட்சி பெண்ணுக்குப் போகும் என்பதை உள்ளூர் ஆட்கள் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கல் போன்ற ஒரு முறையில்தான் அது முடிவானது. அதனால் ஒதுக்கப்பட்ட ஊராட்சியையும் ஒதுக்கப்படாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது.

இந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தில் சுருக்கத்தை மட்டும் வெள்ளைத்தாளால் மறைத்து நகலெடுத்து, ஆய்வு மாணவர்களிடம் கொடுத்துச் சுருக்கம் எழுதச் சொல்வது என் வழக்கம். முதல் முறை எழுதும்போது பெரும்பாலோர் எழுதுவது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“இந்திய மக்களாட்சியின் ஆணிவேராக விளங்குவது ஊராட்சி அமைப்பு. கிராம சுயராஜ்யம் என்பது காந்தியடிகளின் கனவு. பெண்கள் மக்கள்தொகையில் சரிபாதி இருந்தும் அதிகாரத்தில் அவர்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. இந்நிலையில் 73ஆவது அரசமைப்புத் திருத்தம் ஒரு மைல்கல்லாக அமைந்தது. பெண் தலைமையின் தாக்கத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கெனத் தரவுகள் திரட்டப்பட்டுப் பகுப்பாய்வு செய்யப்பட்டுள்ளன. முடிவுகள் விரிவாக விவாதிக்கப்பட்டுள்ளன. பொருத்தமான பரிந்துரைகளும் வழங்கப்பட்டுள்ளன.”

இதில் பிழை என்று எதையும் காட்ட முடியாது. எல்லாம் உண்மைதான். ஆனால் எழுதியவர் முன்னுரையைச் சுருக்கியிருக்கிறாரே தவிர, கட்டுரையைச் சுருக்கவில்லை. முதல் நான்கு வாக்கியங்களை, அந்த 265 ஊராட்சிகளுக்குள் காலடி வைக்காமலேயே யாரும் எழுதிவிடலாம். கடைசி மூன்று வாக்கியங்களை எந்தக் கட்டுரைக்கும் ஒட்டலாம். மீன்பிடித் தொழிலாளர் பற்றிய கட்டுரைக்கும் அவை பொருந்தும், முதியோர் இல்லம் பற்றிய கட்டுரைக்கும் பொருந்தும். ‘விவாதிக்கப்பட்டுள்ளன’ என்றால், விவாதித்து என்ன தெரிந்தது?

இந்த நோய் நம்முடையது மட்டுமல்ல. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நிலவியல் பேராசிரியர் கென்னத் லேண்டஸ், 1951லேயே இதே குறையை எடுத்துக்காட்டி எழுதியிருக்கிறார். ‘விவாதிக்கப்படுகிறது’, ‘விவரிக்கப்படுகிறது’ என்ற வகை வாக்கியங்களால் நிரம்பிய சுருக்கம் பொருளடக்கத்தை வாக்கியமாக்கியது போலத்தான் என்பது அவர் கண்டனத்தின் சாரம். பாறை ஆய்வுக்குச் சொன்னது சமூக ஆய்வுக்கும் வரிக்கு வரி பொருந்துகிறது.

பிறகு மாணவர்களிடம் வெள்ளைத்தாளை எடுத்துவிட்டு அச்சான சுருக்கத்தைக் காட்டுவேன். ஆங்கிலத்தில் ஆறே வாக்கியங்கள், ஏறத்தாழ நூற்றிருபது சொற்கள். பெண்களுக்கான ஒதுக்கீட்டைக் கொண்டு தலைமையின் தாக்கத்தை அறிகிறோம் என்று முதல் வாக்கியத்திலேயே கேள்வி வந்துவிடுகிறது. அடுத்த இரண்டும் பின்னணி. நான்காவது தரவும் ஒப்பீடும். கடைசி இரண்டும் முடிவு: ஒதுக்கீடு பொதுப்பணிகளின் வகையை மாற்றுகிறது, தலைவர்கள் தம் பாலினத்தாரின் தேவைக்கு நேரே பயன்படும் பணிகளில் அதிகம் முதலிடுகிறார்கள். ‘மைல்கல்’ இல்லை, ‘ஆணிவேர்’ இல்லை.

ஒருமுறை இதைப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி நிமிர்ந்து, “சார், இதுல சாலையக் காணோமே?” என்றார்.

அவர் அட்டவணைகளை ஒழுங்காகப் படித்திருந்தார் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது. ஆய்வாளர்கள், ஊர்மக்கள் ஊராட்சியிடம் என்னென்ன கோரிக்கை வைத்தார்கள் என்பதையும் ஆண், பெண் என்று பிரித்துத் திரட்டியிருந்தார்கள். இரண்டு மாவட்டங்களிலும் குடிநீர் பற்றி ஆண்களைவிடப் பெண்களே அதிகம் முறையிட்டிருந்தார்கள். இரண்டிலும் பெண் தலைவர்கள் குடிநீருக்கு அதிகம் செய்திருந்தார்கள். சாலை விஷயத்தில்தான் இரண்டு மாவட்டங்களும் எதிரெதிராகப் போயின. பீர்பூமில் பெண்கள்தாம் சாலையை அதிகம் கேட்டார்கள். அங்கே பெண் தலைவர்கள் சாலைக்கு அதிகம் செய்தார்கள். உதய்ப்பூரில் ஆண்கள்தாம் சாலையை அதிகம் கேட்டார்கள். அங்கே பெண் தலைவர்கள் சாலைக்குக் குறைவாகச் செய்தார்கள்.

கட்டுரையின் உயிர் எனக்குத் தெரிந்தவரை இந்த இடத்தில்தான் இருக்கிறது. குடிநீர் முடிவு மட்டும் கிடைத்திருந்தால், ‘பெண்களுக்குத் தண்ணீர்மேல் இயல்பாகவே அக்கறை அதிகம்’ என்று யாரும் சொல்லிவிட்டுப் போய்விடலாம். சாலை முடிவு அந்த வாயை அடைக்கிறது. பெண் என்பதற்காக எல்லா ஊரிலும் ஒரே வேலையை விரும்புவதில்லை, தம் ஊர்ப் பெண்கள் எதைக் கேட்கிறார்களோ அதைச் செய்கிறார்கள் என்று காட்டுவது சாலைதான். அச்சான சுருக்கத்தின் கடைசி வாக்கியம் இதைப் பொதுவாகச் சொல்லிவிடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுருக்கத்தை மட்டும் படித்தவருக்கு இரண்டு மாவட்டங்களும் எதிரெதிராகப் போன செய்தி கிடைக்காது. நூற்றிருபது சொல்லில் விட்டது நியாயம்தான். இருநூறு சொல் இடம் கிடைத்தால் அந்த மிச்சத்தை முழுக்கச் சாலைக்குத்தான் கொடுப்பேன்.

எழுதும் வரிசையும் இதிலிருந்தே கிடைக்கிறது. சுருக்கத்தை முதல் வாக்கியத்திலிருந்து எழுதத் தொடங்கினால் பின்னணியே பாதி இடத்தை விழுங்கிவிடும். ஆகவே முடிவிலிருந்து தொடங்கவேண்டும். முன்னுரைப் பக்கங்களை மடக்கி வைத்துவிட்டு முக்கியமான அட்டவணையை மட்டும் எதிரில் வைத்துக்கொண்டு, அது சொல்வதை இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதவேண்டும். அந்த முடிவை நம்புவதற்கு வாசகருக்கு எது தெரிந்தாகவேண்டுமோ அது அடுத்து: எங்கே, எத்தனை, எப்படி ஒப்பிட்டார்கள் என்பது. அதற்குப் பிறகு கேள்வி. பின்னணி கடைசியாக, அதுவும் கேள்வி புரியப் போதுமான அளவுக்கு மட்டும். எழுதி முடித்தபின் வாக்கியங்களை வாசகருக்கு ஏற்ற வரிசையில் திருப்பி அடுக்கிக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் இடம் போதாமல் வெட்டுப்படுவது பின்னணியாக இருக்கும், முடிவாக இருக்காது.

இந்த வழியில் அந்தக் கட்டுரைக்கு நான் தமிழில் எழுதிய சுருக்கம் இது:

“ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபின், ஊராட்சி தேர்ந்தெடுக்கும் பொதுப்பணிகள் மாறினவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எந்த ஊராட்சியை ஒதுக்குவது என்பது குலுக்கல் போன்ற முறையில் முடிவானதால், ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளையும் மற்றவற்றையும் நேரே ஒப்பிட முடிகிறது. மேற்கு வங்கத்தின் பீர்பூம், ராஜஸ்தானின் உதய்ப்பூர் ஆகிய மாவட்டங்களில் 265 ஊராட்சிகளின் பணிகளையும், அங்கே ஆண்களும் பெண்களும் வைத்த கோரிக்கைகளையும் பற்றிய தகவலைத் திரட்டினோம். இரு மாவட்டங்களிலும் குடிநீரைப் பெண்களே அதிகம் கேட்டனர்; பெண் தலைவர்கள் குடிநீருக்கு அதிகம் செய்தனர். சாலையில் மாவட்டங்கள் வேறுபட்டன. பீர்பூமில் சாலையைப் பெண்கள் அதிகம் கேட்டனர். பெண் தலைவர்கள் அதற்கு அதிகம் செய்தனர். உதய்ப்பூரில் ஆண்களே அதிகம் கேட்டனர். பெண் தலைவர்கள் அதற்குக் குறைவாகச் செய்தனர். ஆகவே ஒதுக்கீடு பொதுப்பணிகளின் வகையை மாற்றுகிறது. அந்த மாற்றம் அந்தந்த ஊர்ப் பெண்களின் தேவையை ஒட்டி அமைகிறது. இம்முடிவு இரண்டு மாவட்டங்களைச் சார்ந்தது.”

எண்ணிப் பார்த்தால் நூறு சொல்லைக்கூடத் தொடாது, அவ்வளவுதான். தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக எண்ணப்படுவது இங்கே ஒரு சொல்லில் அடங்கிவிடும். ஆங்கில இதழ்களின் இருநூறு சொல் வரம்பை நம் இதழ்கள் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கின்றன. அதனால் தமிழில் எழுதுபவருக்கு இடம் தாராளமாகவே கிடைக்கிறது. அந்தத் தாராளம்தான் ‘ஆணிவேர்’ வாக்கியங்களை உள்ளே கூப்பிடுகிறது. இடம் மீந்தால் இரண்டாவது முடிவை எழுதுங்கள், அளவைச் சொல்லுங்கள். வரம்பை நிரப்பியாகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வரம்பும் இடத்துக்கு இடம் மாறுகிறது: ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ நூறு சொல்லுக்குமேல் ஏற்பதில்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடு 250 வரை போக விடுகிறது.

மேலே எழுதியதில் மூன்று இடங்களைப் பற்றிக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும்.

ஒன்று, மாவட்டத்தின் பெயர். அச்சான சுருக்கத்தில் மாநிலங்களின் பெயர்தான் இருக்கிறது. ஆனால் தரவு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரே மாவட்டத்திலிருந்து வந்தது. மாவட்டத்தை எழுத இரண்டு மூன்று சொற்கள் போதும். எழுதினால் படிப்பவர் முடிவின் எல்லையைத் தானே அளந்துகொள்வார். நம் கட்டுரைகளில் இது இன்னும் மோசமாக நடக்கிறது. ஒரு வட்டத்தின் நான்கு ஊர்களில் கேட்டது, சுருக்கத்தில் ‘தமிழகப் பெண்கள்’ என்று ஆகிவிடுகிறது. கட்டுரைக்குள்ளே ஊர்ப்பெயர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அடுத்து எழுதுபவர் சுருக்கத்தைத்தான் மேற்கோள் காட்டுவார். நான்கு ஊர் மாநிலமாக மாறும் இடம் அதுதான்.

இரண்டு, ‘மாற்றுகிறது’ என்ற வினைச்சொல். அது காரணத்தைச் சொல்லும் வினை. குலுக்கல் போன்ற ஒதுக்கீடு இருந்ததால்தான் இந்த ஆய்வாளர்களுக்கு அந்த வினையைப் பயன்படுத்தும் உரிமை கிடைத்தது. அப்படி எதுவும் இல்லாமல், தாமாகப் போட்டியிட்டு வென்ற பெண் தலைவர்களின் ஊர்களையும் மற்ற ஊர்களையும் ஒப்பிட்டிருந்தால் ‘மாற்றுகிறது’ என்று எழுதக்கூடாது. பெண்ணைத் தேர்ந்தெடுத்த ஊரே முதலிலிருந்து வேறு மாதிரியான ஊராக இருந்திருக்கலாம். அங்கே ‘அதிகம் காணப்படுகிறது’ என்பதோடு நிற்கவேண்டும். கட்டுரையின் உள்ளே ‘தொடர்பு காணப்பட்டது’ என்று நிதானமாக எழுதியவர், சுருக்கத்துக்கு வந்ததும் ‘தாக்கம் ஏற்படுத்துகிறது’, ‘வழிவகுக்கிறது’ என்று எழுதிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சொல் எண்ணிக்கையைக் குறைக்கும்போது முதலில் உதிர்வது இந்த நிதானம்தான். சுருக்கத்தின் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு, அவற்றை முடிவுரையின் வினைச்சொற்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வீக்கம் உடனே தெரிந்துவிடும்.

மூன்று, நான் எழுதாமல் விட்டது. உதய்ப்பூரில் ஆண்கள் ஏன் சாலையை அதிகம் கேட்டார்கள் என்பதற்குக் கட்டுரையில் ஒரு விளக்கம் உண்டு. அங்கே ஆண்கள் வேலை தேடி அடிக்கடி ஊரைவிட்டு வெளியே போகிறவர்கள், பெண்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. படிக்கும்போதே மனசில் ஒட்டிக்கொள்ளும் விளக்கம். சுருக்கத்தில் சேர்க்கக் கை துறுதுறுக்கும். ஆனால் முடிவைத் தாங்கும் ஒப்பீடு ஒதுக்கப்பட்ட ஊராட்சிக்கும் மற்றதற்கும் இடையில் நடந்தது. இந்த விளக்கம் அந்த ஒப்பீட்டிலிருந்து வந்ததல்ல. கண்டதையும் கருதியதையும் ஒரே பத்தியில் ஒரே குரலில் சொன்னால் படிப்பவரால் பிரிக்க முடியாது. பிரித்துச் சொல்ல இடமில்லை என்றால், கருதியதைக் கட்டுரைக்குள்ளேயே விட்டுவிடுவது நல்லது.

தமிழில் எழுதுபவர்கள் மாட்டிக்கொள்ளும் கண்ணி இன்னொன்று இருக்கிறது. புள்ளியியல் சோதனையில் தேறிய வேறுபாட்டை நாம் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்று எழுதுகிறோம். சோதனை சொல்வது, உண்மையில் வேறுபாடே இல்லையென்றால் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகக் கிடைக்க வாய்ப்பு குறைவு என்பதைத்தான். படிப்பவர் அதைப் ‘பெரிய வேறுபாடு’ என்று எடுத்துக்கொள்கிறார். ஆயிரக்கணக்கானோரிடம் எடுத்த கணக்கெடுப்பில் மிகச் சிறிய வேறுபாடும் சோதனையில் தேறிவிடும். ஆகவே சுருக்கத்தில் ‘குறிப்பிடத்தக்க’ என்று எழுதுவதைவிட அளவை எழுதுவது நல்லது: நூற்றுக்கு எத்தனை பேர் என்பது எத்தனை பேராக மாறியது என்று. இரண்டு எண்கள் போதும். அந்த அடைமொழியால் மறைந்துபோகும் செய்தி இரண்டு எண்ணில் வெளியே வந்துவிடும்.

எண்ணே இல்லாத ஆய்வுகளும் உண்டு. நேர்காணல், களத்தில் மாதக்கணக்கில் தங்கிப் பார்த்தது, ஆவணங்களைப் படித்தது என்று. அவற்றிலும் எங்கே, எத்தனை பேர், எவ்வளவு காலம் என்பது வேண்டும். முடிவு என்பது அங்கே ஒரு வாதமாக இருக்கும். அதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: அந்த வாக்கியத்தை ஒருவர் மறுக்க முடியவேண்டும். ‘புலம்பெயர் தொழிலாளர்களின் சிக்கல்கள் பல பரிமாணங்களில் வெளிப்படுகின்றன’ என்பதை யாராலும் மறுக்க முடியாது. மறுக்க முடியாதது என்பதாலேயே அதைச் சொல்ல ஆய்வு தேவைப்படவில்லை. ‘ஒப்பந்தக்காரர் சொந்த ஊர்க்காரராக இருக்கும்போது தொழிலாளர்கள் கூலி பாக்கியைக் கேட்கத் தயங்குகிறார்கள்’ என்று ஒருவர் எழுதினால் அதை மறுக்கலாம், சோதிக்கலாம், வேறு ஊரில் போய்ப் பார்க்கலாம். அது முடிவு.

எழுதியபின் செய்யவேண்டிய வேலை ஒன்று பாக்கியிருக்கிறது. அதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. மருத்துவத் துறையில் ராய் பிட்கினும் அவருடன் இருவரும் ஆறு பெரிய மருத்துவ இதழ்களில் வெளியான கட்டுரைகளை எடுத்து, சுருக்கத்தில் இருந்த தரவைக் கட்டுரையில் இருந்ததோடு ஒப்பிட்டார்கள். 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளிவந்தது. சுருக்கத்தில் இருந்த ஏதோ ஒரு தரவு உள்ளே இருந்ததோடு முரண்பட்டது, அல்லது உள்ளே எங்குமே இல்லை என்ற குறை, இதழைப் பொறுத்து 18 விழுக்காட்டிலிருந்து 68 விழுக்காடு வரை இருந்தது. உலகின் முன்னணி மருத்துவ இதழ்களிலேயே இந்த நிலை.

இப்படி ஏன் ஆகிறது என்பது கட்டுரை எழுதிய எவருக்கும் தெரிந்திருக்கும். முதலில் 240 படிவம் என்று எழுதுகிறோம். அரைகுறையாக நிரப்பியதைக் கழித்தபின் எண்ணிக்கை குறைகிறது, அட்டவணையைத் திருத்துகிறோம். மதிப்பீட்டாளர் ஒரு கணக்கை வேறு மாதிரி போடச் சொல்கிறார், ஒரு விழுக்காடு மாறுகிறது, உள்ளே திருத்துகிறோம். சுருக்கம் தனிக் கோப்பில் இருக்கிறது, அல்லது இதழின் இணையப் படிவத்தில் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கிறது. அதைத் திறந்து திருத்த மறந்துவிடுகிறோம். நான் எண்ணிக்கையைத் திருத்தாமல் அனுப்பிய சுருக்கம் ஒன்று அப்படியே அச்சாகி, இன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன். கடைசி வடிவத்தை அச்செடுத்து, சுருக்கத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணையும், ஒவ்வோர் இடப்பெயரையும், ஒவ்வொரு முடிவையும் பென்சிலால் வட்டமிடுவேன். அது உள்ளே எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடி, பக்க எண்ணை ஓரத்தில் எழுதுவேன். பக்க எண் எழுத முடியாத வட்டம் ஒன்று மிஞ்சினாலும் சுருக்கம் இன்னும் முடியவில்லை. அரைமணி நேர வேலை.

தமிழ்க் கட்டுரைக்கு ஆங்கிலச் சுருக்கமும் கேட்கும் இதழ்களில் இந்தச் சரிபார்ப்பை இரண்டு முறை செய்யவேண்டியிருக்கும். ஆங்கிலத்தை வேறு ஒருவரிடம் கொடுத்து எழுதி வாங்குவது பரவலான பழக்கம். அவர் கட்டுரையைப் படித்திருக்கமாட்டார், தமிழ்ச் சுருக்கத்தை மட்டும் பார்த்து எழுதுவார். ‘காணப்படுகிறது’ அங்கே காரணமாக மாறிவிடும், ‘சில’ என்பது ‘பெரும்பாலான’ ஆகிவிடும். ஆங்கிலம் சரளமாக இல்லாவிட்டாலும் கட்டுரையாளரே முடிவு வாக்கியங்களை மட்டுமாவது சொந்தமாக எழுதி, பிறகு மொழியைத் திருத்தச் சொல்லிக் கொடுப்பது பாதுகாப்பானது.

இவ்வளவு சொல்வது ஏன் என்றால், கட்டுரை முழுவதையும் படிப்பவர்களைவிட இந்த ஒரு பத்தியைப் படித்து முடிவெடுப்பவர்கள் பல மடங்கு அதிகம். சந்தா கட்டாத கல்லூரியின் மாணவருக்கு இணையத்தில் இலவசமாகத் தெரிவது பல நேரம் இந்தப் பத்தி மட்டுமே. சமூகக் கொள்கைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கேம்பெல் கொலாபரேஷன் போன்ற அமைப்புகளின் முறையில், ஆயிரக்கணக்கான கட்டுரைகளிலிருந்து எதை முழுதாகப் படிப்பது என்பதை முதலில் தலைப்பையும் சுருக்கத்தையும் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். எங்கே, யாரிடம், எதை அளந்தார்கள் என்பது அந்தப் பத்தியில் இல்லையென்றால், வெயிலில் அலைந்து திரட்டிய தரவு அந்த முதல் சலிப்பிலேயே கீழே விழுந்துவிடும். எழுதியவருக்கு அது தெரியவும் தெரியாது.

மாணவர்களைக் குறை சொல்லி இது தீராது. கருத்தரங்கு நடத்துவோரும், தொகுப்பு வெளியிடுவோரும், நெறியாளர்களும் கவனிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்கூட்டிக் கேட்கும் சுருக்கத்துக்கு ‘ஆய்வு முன்மொழிவு’ என்று வேறு பெயர் வையுங்கள். முழுக் கட்டுரை வரும்போது அதோடு புதிதாக எழுதிய சுருக்கத்தையும் கேட்டு வாங்குங்கள், பழையதை அச்சிடாதீர்கள். முடிவு வாக்கியம் ஒன்றுகூட இல்லாத சுருக்கம் வந்தால், “என்ன கண்டீர்கள்?” என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புங்கள்.